விநியோகத் தொழில் விலைக்கு வருதா? எது உறுதி, எது ஊகம்னு பிரிச்சு எழுதுங்க

சிறிய விநியோக நிறுவனம் ஒன்றை வாங்க நினைக்கிறீர்கள். வாங்கும் முன் தயாரிக்கும் ஆய்வுக் குறிப்பைத்தான் 'டியூ டிலிஜென்ஸ் மெமோ' என்கிறார்கள். அதில் முக்கியமானது ஒன்றுதான்: ஆவணத்தில் பார்த்ததையும் உரிமையாளர் வாயால் சொன்னதையும் கலக்கக்கூடாது.

சிங்கப்பூரில் மினிமார்ட்டுகளுக்கு மசாலாப் பொருள் விநியோகிக்கும் நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டு விற்பனை 12 லட்சம் வெள்ளி, லாபம் 150,000 வெள்ளி என்கிறார் உரிமையாளர். லாபத்தைப்போல் 3 மடங்கு, அதாவது 450,000 வெள்ளி கேட்கிறார்.

விற்பனை உண்மையா?

சிறிய நிறுவனங்களின் கணக்குகள் பெரும்பாலும் தணிக்கை செய்யப்படுவதில்லை. அதனால் லாப நட்டக் கணக்கும் வெறும் கூற்றுதான். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். எனவே கடந்த 4 காலாண்டு வரித் தாக்கல்களைக் கேளுங்கள், வங்கி அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

கூட்டினால் 10.8 லட்சம்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "மீதி ரொக்க வியாபாரம்ங்க" என்பார் உரிமையாளர். ஆதாரம் இல்லாத அந்த 120,000 வெள்ளியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் சொல்வது உண்மை என்றாலும் அது கட்டாத வரி. நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால், அந்தக் கடனும் உங்களோடு வரும்.

மொத்த லாப விகிதம் 20 விழுக்காடு என்றால் லாபத்தில் 24,000 வெள்ளி குறையும். மிச்சம் 126,000.

வேனை ஓட்டுவது யார்?

உரிமையாளரே சம்பளம் எடுக்காமல் வேன் ஓட்டுகிறார். நாளைக்கு நீங்க ஓட்டப் போறீங்களா? ஓட்டுநரை அமர்த்தினால் மத்திய சேம நிதிச் சந்தாவோடு ஆண்டுக்கு 36,000 வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 90,000 ஆகிறது. அதே 3 மடங்கில் விலை 270,000 வெள்ளி.

ஊகத்துக்கு என்ன விலை?

அந்த 90,000 வெள்ளி லாபத்தில் 30,000 ஒரே மசாலா பிராண்டிலிருந்து வருகிறது. "அவங்க எங்கயும் போகமாட்டாங்க" என்பது ஊகம். விநியோக ஒப்பந்தத்தைப் படியுங்கள். உரிமையாளர் மாறினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற விதி அதில் இருக்கலாம். பங்குகளை வாங்காமல் சரக்கையும் வாடிக்கையாளர்களையும் மட்டும் வாங்கினால், பிராண்டின் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு மாறாது.

குறிப்பில் இப்படி எழுதுங்கள்: "உறுதியாகவில்லை. தவறினால் இழப்பு ஆண்டுக்கு 30,000. தேவை: பிராண்டின் எழுத்துபூர்வ சம்மதம்."

அந்த லாபத்தின் 3 மடங்கான 90,000 வெள்ளியை, சம்மதக் கடிதம் வந்த பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். முதலில் 180,000 வெள்ளி மட்டும். கடிதம் வராவிட்டால் மீதியைத் தர வேண்டியதில்லை.