சிடிஎம்ஏ: பரப்புக் குறியீடுகளும் அருகு–தொலைவுச் சிக்கலும்

பல கைப்பேசிகள் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசினாலும் ஒவ்வொன்றையும் அதற்குரிய குறியீட்டைக் கொண்டு பிரித்தெடுக்கும் வானொலித் தொடர்பு முறை சிடிஎம்ஏ. ஜிஎஸ்எம் முறை அலைவரிசையையும் நேரத்தையும் பங்கு போட்டுத் தரும். சிடிஎம்ஏ எதையும் பங்கு போடுவதில்லை. எல்லோர் குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது.

இம்முறையின் மூதாதையாக நடிகை ஹெடி லமாரின் பெயர் அடிக்கடி சொல்லப்படும். ஜார்ஜ் ஆன்தீலுடன் சேர்ந்து 1942-ல் அவர் பெற்ற காப்புரிமை, அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும் முறைக்கானது. இங்கே பேசப்படும் நேரடிப் பரப்பல் வேறு கிளை. 1950-களில் எதிரியின் குறுக்கீட்டைத் தாங்குவதற்காக ராணுவத் தொடர்பில் வளர்ந்த கலை அது. பரப்பல் முறையைக் கைப்பேசிக்குக் கொண்டுவரலாம் என்று 1978-ல் ஜார்ஜ் கூப்பரும் ரே நெட்டில்டனும் எழுதினார்கள்.

குறியீடு எப்படிப் பிரிக்கிறது என்பதை நான்கே எண்களில் பார்த்துவிடலாம். முதல் கைப்பேசியின் குறியீடு +1 +1 −1 −1. இரண்டாவதன் குறியீடு +1 −1 +1 −1. இந்த ஒவ்வொரு எண்ணுக்கும் ‘சிப்’ என்று பெயர். முதல் கைப்பேசி +1 என்ற பிட்டை அனுப்பினால் தன் குறியீட்டை அப்படியே அனுப்பும். இரண்டாவது −1 அனுப்ப விரும்பினால் குறியீட்டைத் தலைகீழாக்கி அனுப்பும். வானில் இரண்டும் கூடுகின்றன.

```
முதல்      : +1 +1 -1 -1
இரண்டாவது : -1 +1 -1 +1
கூட்டல்    :  0 +2 -2  0
```

இந்தக் கூட்டலை முதல் குறியீட்டால் சிப் சிப்பாகப் பெருக்கிக் கூட்டினால் +4 வரும். முதல் கைப்பேசி சொன்னது +1 என்று தெரிகிறது. இரண்டாவது குறியீட்டால் பெருக்கினால் −4. இரு குறியீடுகளையும் ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டினால் சுழி வருவதால்தான் இது நடக்கிறது. இத்தகைய குறியீடுகள் கணிதவியலாளர் ஜோசப் வால்ஷின் பெயரால் அழைக்கப்படுகின்றன. குவால்காம் நிறுவனம் உருவாக்கி 1993-ல் ஐஎஸ்-95 என்ற தரமாக வெளிவந்த அமைப்பில் 64 சிப் நீளமுள்ள வால்ஷ் குறியீடுகள் கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு வரும் திசையில் பயன்பட்டன.

எதிர்த் திசையில்தான் வம்பு. ஐஎஸ்-95-ல் விநாடிக்கு 12,28,800 சிப்கள். ஒரு சிப்பின் ஆயுள் சுமார் 0.81 மைக்ரோவிநாடி, அதற்குள் வானொலி அலை ஏறத்தாழ 244 மீட்டர் போய்விடும். வெவ்வேறு தூரங்களில் நிற்கும் கைப்பேசிகளின் சிப்கள் கோபுரத்தை ஒரே தாளத்தில் வந்தடைய வழியில்லை. மேலே சொன்ன இரண்டாவது கைப்பேசி ஒரு சிப் தாமதமாக வருவதாகவும், அதன் முந்தைய பிட் +1 என்றும் கொள்வோம். முதல் கைப்பேசியின் நான்கு சிப்களின் மேல் இப்போது விழுவது −1 −1 +1 −1. முதல் குறியீட்டால் பெருக்கினால் சுழிக்குப் பதில் −2 கசிகிறது. சொந்தச் சைகை தரும் +4-ல் இதைக் கழித்தாலும் +2 மிஞ்சும், பிட் தப்பிவிடும்.

ஆனால் அந்த இரண்டாவது கைப்பேசி கோபுரத்திலிருந்து 200 மீட்டரிலும் முதலாவது 2 கிலோமீட்டரிலும் இருந்தால்? நகர்ப்புறத்தில் சைகையின் ஆற்றல் ஏறத்தாழத் தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும். இரண்டும் ஒரே ஆற்றலில் அனுப்பினால், அருகில் உள்ளதன் ஆற்றல் 10,000 மடங்கு, வீச்சு 100 மடங்கு. கசிவு −2 அன்று, −200. விடை −196, +1 என்று சொன்னவர் −1 சொன்னதாகக் கோபுரம் படிக்கும். இதுதான் அருகு–தொலைவுச் சிக்கல். ஜிபிஎஸ்ஸும் சிடிஎம்ஏதான், ஆனால் செயற்கைக்கோள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை.

நீளமான குறியீடு போட்டால் தீராதா? ஓரளவே. ஐஎஸ்-95-ல் 9,600 பிட் வேகக் குரலுக்கு ஒரு பிட்டுக்கு 128 சிப்கள் கிடைக்கின்றன. அதாவது குறுக்கீடு 128-ல் ஒரு பங்காக அமுங்கும். 10,000 மடங்கு வலிமைக்கு முன்னால் இது எம்மாத்திரம்? எல்லோரும் சம வலிமையோடு வந்து சேர்ந்தால் கதை வேறு. தெளிவாகக் கேட்கச் சைகை குறுக்கீட்டைவிட 5 மடங்கு இருக்க வேண்டும் என்று வைத்தால், 128-ஐ 5-ஆல் வகுக்க, சுமார் 25 பேரின் குறுக்கீட்டைத் தாங்கலாம். இதில் ஒருவர் மட்டும் 10 மடங்கு வலிமையோடு வந்தால் பத்துப் பேரின் இடத்தை அவர் ஒருவரே அடைத்துக்கொள்வார். ஆகவே சிடிஎம்ஏவின் கொள்ளளவு என்பது, உண்மையில், ஆற்றலை எவ்வளவு துல்லியமாகச் சமன்படுத்துகிறோம் என்பதே.

ஐஎஸ்-95 இதை மூன்று அடுக்குகளில் செய்தது. முதலில் கைப்பேசி தானாக ஊகிக்கும்: கோபுரத்தின் சைகை வலுவாகக் கேட்டால் மெதுவாக அனுப்பு, மெலிதாகக் கேட்டால் ஓங்கி அனுப்பு. இந்த ஊகம் சராசரிக்குத்தான் சரி. 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் போகும் அலைவரிசைக்கும் வரும் அலைவரிசைக்கும் 45 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி உண்டு. கட்டடங்களில் மோதிச் சிதறும் அலைகள் ஒன்றில் கூடும் நேரத்தில் மற்றதில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளலாம்.

எனவே கோபுரமே அளந்து சொல்லும் இரண்டாம் அடுக்கு வந்தது. விநாடிக்கு 800 முறை, ஒவ்வொரு கைப்பேசிக்கும், “கூட்டு” அல்லது “குறை” என்று ஒரே ஒரு பிட்; ஒவ்வொன்றுக்கும் மாற்றம் 1 டெசிபல். இந்தப் பிட்டுக்குப் பிழைதிருத்தக் குறியீடு கிடையாது. திருத்திக் கொண்டிருந்தால் கட்டளை பழசாகிவிடும். சில பிட்டுகள் தவறினாலும் பரவாயில்லை என்று துணிந்தார்கள், அது நல்ல துணிவு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் காரில் சைகை மங்கித் தெளிய அரை அலைநீளம், சுமார் 17 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். அதற்கு ஆகும் 10 மில்லிவிநாடிக்குள் எட்டுக் கட்டளைகள் போய்ச் சேரும். வேகம் இன்னும் கூடினால் இந்த வளையம் பின்தங்கிவிடும். மூன்றாம் அடுக்கு, எந்த அளவை இலக்காக வைப்பது என்பதையே பிழையான சட்டகங்களின் விகிதத்தைப் பார்த்து ஏற்றி இறக்கும். வழக்கமான இலக்கு நூற்றுக்கு ஒன்று.

எல்லையில் நிற்கும் கைப்பேசி இரண்டு கோபுரங்களோடு ஒரே நேரத்தில் பேசும். அவற்றில் ஒன்று “குறை” என்றால் குறைத்தே ஆக வேண்டும். எல்லாம் “கூட்டு” என்றால் மட்டுமே கூட்டலாம். ஒரு கோபுரத்துக்கு நன்றாகக் கேட்டால் போதும், மற்ற கோபுரத்தின் வாடிக்கையாளர்களை மூழ்கடிக்கக் கூடாது என்பது கணக்கு.

இவ்வளவும் தெருவில் எடுபடுமா என்று பலர் ஐயப்பட்டார்கள். 1985-ல் இர்வின் ஜேக்கப்ஸ், ஆண்ட்ரூ விட்டர்பி முதலானோர் தொடங்கிய குவால்காம், 1989 நவம்பரில் சான் டியாகோவில் வண்டியில் கருவியை ஏற்றித் தொலைபேசித் துறையினர் முன் நடத்திக் காட்டியது. தொடங்கும் நேரத்தில் ஜிபிஎஸ் நேரக்கணிப்பில் கோளாறு. பொறியாளர்கள் சரிசெய்யும் வரை ஜேக்கப்ஸ் மேடையில் பேச்சை இழுத்துக்கொண்டே போனார். 1995-ல் ஹாங்காங்கிலும் 1996-ல் தென்கொரியாவிலும் வணிகச் சேவை வந்தது. இந்தியாவில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 2002 டிசம்பரில் தொடங்கியது.

ஆற்றல் கட்டுப்பாட்டால் தீராத ஒன்றும் உண்டு. பேசுவோர் கூடக்கூடக் குறுக்கீடு ஏறும். எல்லோரும் ஓங்கிப் பேச நேரும். ஓரத்தில் இருக்கும் கைப்பேசியோ ஏற்கெனவே தன் உச்ச ஆற்றலில் இருக்கும்; கோபுரம் “கூட்டு, கூட்டு” என்று சொல்லிக்கொண்டே இருக்க, அழைப்பு அறுந்துவிடும். நெரிசல் நேரத்தில் கோபுரத்தின் வீச்செல்லை சுருங்கி, இரவில் மீண்டும் விரிவதைப் பொறியாளர்கள் செல் மூச்சுவிடுகிறது என்பார்கள்.

மூன்றாம் தலைமுறை டபிள்யூ-சிடிஎம்ஏ, கட்டளைகளை விநாடிக்கு 1,500 ஆக்கியது. நான்காம் தலைமுறை எல்டிஇ இந்த வழியையே விட்டது. அதில் ஒரு கோபுரத்தின் கைப்பேசிகளுக்கு வெவ்வேறு அலைவரிசைத் துண்டுகள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றின் சைகைகள் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி கோபுரம் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லும். ஒன்றின் வலிமை மற்றதில் அவ்வளவாகக் கசிவதில்லை. ஆற்றல் கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது, ஆனால் அந்தப் பழைய அவசரம் அதற்கு இல்லை.