சொல்லெழுத்தும் ஒலியெழுத்தும்

ஒரே குறி ஒரு முழுச் சொல்லுக்கு நிற்குமானால் அது சொல்லெழுத்து. ஒலியெழுத்தில் குறி ஒலியை மட்டும் காட்டும். கூட்டிப் படித்தால்தான் சொல் கிடைக்கும். தமிழ் இரண்டாவது வகை. ஆனாலும் பழைய கணக்குகளிலும் பத்திரங்களிலும் ௵ என்று இருந்தால் அதை 'வருடம்' என்றே வாசிப்பார்கள்; எழுத்துக்கூட்ட அதில் ஒன்றும் இல்லை. 5 என்ற இலக்கமும் அப்படித்தான். நாம் ஐந்து என்கிறோம், தெலுங்கர் ஐது என்கிறார், இந்திக்காரர் பாஞ்ச் என்கிறார். இந்த வழியிலேயே ஒரு மொழி முழுவதையும் எழுதி, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதைக் கைவிடாமல் இருப்பது சீனம்.

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சீன எழுத்துகள், ஆன்யாங் நகருக்கருகே ஆமையோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் கீறப்பட்டவை. தொடக்கம் சுமார் கி.மு. 1250. ஷாங் அரசர்கள் மழை வருமா, போரில் வெல்வோமா என்று குறி கேட்டு, எலும்பைச் சூடாக்கி, அதில் விழும் வெடிப்பைப் பார்த்துப் பலன் சொன்னார்கள். கேட்ட கேள்வியை அந்த எலும்பிலேயே எழுதியும் வைத்தார்கள். குதிரை, மலை, ஆமை போன்றவற்றை வரைந்துவிடலாம். 'வா' என்பதை எப்படி வரைவது? கோதுமையைக் குறித்த சொல் அதற்கு ஒலியில் நெருங்கி இருந்ததால், கோதுமைக் கதிரின் படத்தையே 'வா'வுக்குக் கடன் வாங்கினார்கள். பின்னர் கோதுமைக்கு, அடியில் பாதத்தின் வடிவம் சேர்த்த வேறோர் எழுத்து நிலைத்தது. கடன் வாங்கியவன் வீட்டுக்காரன் ஆனான்! ஆக, சித்திரத்தில் பிறந்த இந்த எழுத்துக்குள் ஒலி ஆரம்பத்திலேயே நுழைந்துவிட்டது.

கடன் பெருகப் பெருகக் குழப்பமும் பெருகியது. ஒரே குறி பல சொற்களுக்கு நின்றால் வாசிப்பவர் எதை எடுப்பார்? அதற்குக் கண்ட வழி, ஒலி காட்டும் பகுதியோடு பொருள் காட்டும் பகுதியை ஒட்டுவது. குதிரைக்குச் சீனத்தில் 'மா'. அம்மாவுக்கும் 'மா', தொனி மட்டும் வேறு. அம்மாவை எழுத இடப்பக்கம் 'பெண்', வலப்பக்கம் 'குதிரை' போடுகிறார்கள். குதிரை அங்கே ஒலிக்காக மட்டும் நிற்கிறது. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த 'ஷுவோவென் ஜியேஸி' அகராதியில் 9,353 எழுத்துகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை இந்த அமைப்பில் அடங்குபவை.

ஆனால் வாய் மாறும், எழுத்து மாறாது. ஆற்றைக் குறிக்கும் எழுத்தில் இடப்பக்கம் நீரின் மூன்று புள்ளிகள், வலப்பக்கம் 'வேலை' என்ற சொல்லின் வடிவம். மாண்டரினில் ஆறு 'ஜியாங்', வேலை 'குங்', தொடர்பே தெரியாது. காண்டனீஸில் இவை 'கோங்', 'குங்' என்று இன்னும் பக்கத்தில் நிற்கின்றன. ஆகவே ஒலிப்பகுதி வெறும் துப்புதான். முன்பின் பார்க்காத எழுத்தின் பாதியைப் படித்து ஒப்பேற்றும் மாணவர் சில நேரம் தப்பிப்பார், சில நேரம் அசடு வழிவார்.

வாசகருக்கு இதனால் வரும் வசதியும் அவதியும் தமிழ் வாசகருக்கு நேர் எதிரானவை. தமிழ் எழுத்துகளைக் கற்ற சிறுவன் தெரியாத சொல்லையும் வாய்விட்டுப் படித்துவிடுவான், பொருள்தான் தெரியாது. சீனச் சிறுமி புதிய எழுத்தைப் பார்த்ததும் 'இது ஏதோ தண்ணீர் சம்பந்தப்பட்டது' என்பாள். எப்படி உச்சரிப்பது என்பதில்தான் தடுமாறுவாள். சீன அரசின் 2013-ஆம் ஆண்டுப் பட்டியலில் 8,105 எழுத்துகள். அடிப்படையானவை மட்டும் 3,500. இந்தச் சுமையைக் கண்டுதான் கொரிய மன்னர் செஜோங் 28 ஒலியெழுத்துகளை உருவாக்கி 1446-இல் அறிவித்தார்.

சொல்லெழுத்து மொழிகளைக் கடக்கும் என்பார்கள். 1597-இல் பெய்ஜிங்கில் சந்தித்த வியட்நாம் தூதர் ஃபுங் காக் கோவானும் கொரியத் தூதர் யி சு-குவாங்கும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமலே தூரிகையால் எழுதிப் பேசினார்கள், கவிதையும் பரிமாறிக்கொண்டார்கள். ஆனால் எழுத்து மட்டும் அதைச் செய்துவிடவில்லை. இருவரும் சிறுவயது முதல் செவ்வியல் சீனத்தைக் கற்றவர்கள். இன்றும் ஹாங்காங் வாசகர் செய்தித்தாளைக் காண்டனீஸ் உச்சரிப்பில் படிக்கிறார் என்றாலும், அதன் சொல்லும் இலக்கணமும் மாண்டரினுடையவை. பேச்சில் அவர் 'அவன்' என்பதற்கு 'கெய்' என்பார். செய்தித்தாளில் இருப்பதோ மாண்டரின் 'தா'வின் எழுத்து.

இப்போது பெரும்பாலோர் கைப்பேசியில் ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டி, திரையில் வரும் வரிசையிலிருந்து எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்த்து அடையாளம் காண இது போதும். பேனா பிடித்ததும் கை நின்றுவிடுகிறது. தும்மலைக் குறிக்கும் சொல்லின் இரண்டாம் எழுத்துக்கு 17 கோடுகள். நன்கு படித்தவர்களும் அதைக் கையால் எழுதத் தடுமாறுவது சீனத்தில் அடிக்கடி சுட்டிக்காட்டப்படும் எடுத்துக்காட்டு.