வளரிளம் பருவத்தில் தாமதத் தூக்கக் கட்டம்

பதின்பருவத்தினரின் உடல் கடிகாரம் ஊரின் கடிகாரத்தைவிட இரண்டு மணி நேரமோ அதற்கும் மேலோ பின்தங்கி ஓடுவதைத் தாமதத் தூக்கக் கட்டம் என்பர். தூக்கம் கெட்டுப்போவதில்லை, நேரம் மட்டுமே தள்ளிப்போகிறது. இந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்குப் பள்ளி நாளில் இரவு ஒரு மணிக்கு முன் கண் அயராது. அதே பிள்ளையை விடுமுறையில் அவன் போக்கில் விட்டால் இரண்டரைக்குப் படுத்துப் பத்தரை வரை இடையில் விழிக்காமல் தூங்கி, தெளிவாக எழுவான். தூக்கமின்மை நோயிலிருந்து இதைப் பிரித்தறிய உதவும் முதல் அடையாளம் அதுதான். தூக்கமின்மை உள்ளவருக்கு எந்த நேரத்தில் படுத்தாலும் தூக்கம் சரியாக வராது.

நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் எலியட் வைட்ஸ்மன், சார்ல்ஸ் சைஸ்லர் ஆகியோர் அடங்கிய குழு 1981-இல் இதைத் தனி நோய்நிலையாக விவரித்தது. பருவமெய்துதலுக்கும் பின்னிரவு விழிப்புக்கும் உள்ள தொடர்பை 1990-களில் மேரி கார்ஸ்கடன் எடுத்துக்காட்டினார். தூங்கும் நேரம் பதின்பருவம் முழுவதும் பின்னுக்கு நகர்ந்து, ஏறக்குறைய இருபது வயதில் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல முன்னுக்குத் திரும்புகிறது. ஆகவே பதினாறு வயதில் சற்றுத் தாமதமாகத் தூங்குவது இயல்பு. பள்ளியோ உடல்நலமோ பாதிக்கப்படும் அளவுக்குத் தாமதம் மூன்று மாதமாவது நீடித்தால்தான் அதை நோய்நிலையாகக் கொள்வர். நார்வேயில் 16 முதல் 18 வயதுள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் 3.3 விழுக்காட்டினருக்கு இது இருந்தது.

கடிகாரம் நகரும் விதம்

வெளிச்சமும் மணியும் தெரியாத அறையில் மனிதரை வைத்தால் அவர் உடல் நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளும். தமிழ்நாட்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் தலைமையில், ஆட்களைப் புறவுலகிலிருந்து முற்றிலும் பிரித்துவைக்கும் தனிமைக்கூடம் ஒன்று இயங்கியது. அங்கே தங்கியவர்களின் தூக்கமும் விழிப்பும் நாளுக்கு நாள் நகர்வதை அவர்கள் பதிவுசெய்தார்கள். வெளியுலகில் நம் கடிகாரம் அப்படி வழுவாமல் தினமும் இழுத்துப் பிடித்து நிறுத்துவது வெளிச்சம்.

வெளிச்சம் எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்பதே இங்கு எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. ஒவ்வொருவருக்கும் இயல்பாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு முன் உடல் வெப்பம் மிகக் குறைந்த நிலையைத் தொடும். அந்தத் தாழ்நிலைக்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குக் கொண்டுவரும். அதற்கு முன்னான இரவு நேரங்களில் படும் வெளிச்சம் இன்னும் பின்னுக்குத் தள்ளும். தாழ்நிலையை ஒட்டிய மணி நேரங்களில்தான் இரண்டு விளைவுகளும் வலுவாக இருக்கும். ‘காலை வெயில் நல்லது’ என்ற பொது அறிவுரை சில பிள்ளைகளிடம் பலிக்காமல் போவதற்குக் காரணமும் இதுவே.

கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டத்தைச் சேர்ந்த காடாம்புலியூரிலிருந்து நெய்வேலிக்குப் பஸ்ஸில் போய்ப் படிக்கும் ஒரு பதினோராம் வகுப்பு மாணவனை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பஸ் காலை 7:30-க்கு. 6:30-க்காவது எழ வேண்டும். விடுமுறையில் அவன் தூங்குவது 2:30 முதல் 10:30 வரை என்றால், தாழ்நிலை சுமார் 7:45-இல் இருக்கும். இவனை ஆறரைக்கு உலுக்கி எழுப்பி, ஏழு மணி வெயிலில் வெளியே அனுப்பினால் அந்த வெளிச்சம் தாழ்நிலைக்கு முன்பே படுகிறது. அவனுடைய உடலுக்கு அது இன்னும் நடுஇரவு. வெயில் அவன் கடிகாரத்தைப் பின்னுக்கே தள்ளும். பெற்றோர் இதைச் சோம்பல் என்று திட்டுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்யும் காரியமே பிள்ளைக்கு எதிராகத் திரும்புகிறது.

‘ஒன்பது மணிக்கே படு’ என்ற கட்டளை பலிக்காததற்கும் உடலில் காரணம் இருக்கிறது. வழக்கமாகத் தூக்கம் வருவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம், நாளிலேயே தூங்கக் கடினமான நேரம். கடிகாரம் அப்போது விழிப்பைத்தான் உந்திக்கொண்டிருக்கும். விளக்கை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம் புரண்டு கிடக்கும் பிள்ளைக்குப் படுக்கை என்றாலே எரிச்சல் வரத் தொடங்கும். பிறகு தாமதத் தூக்கத்தின் மேல் தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ளும்.

கோடை விடுமுறையில் திருத்துவது

இந்த மாணவனை நான்கு மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மே மாத விடுமுறை மிகவும் பொருத்தம். அரையாண்டு விடுமுறை போதாது. முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், தானாக விழித்த நேரம் மூன்றையும் நோட்டில் எழுதி வரவேண்டும். இரண்டு வாரம் எழுதினால் இன்னும் நல்லது. பள்ளி மணியைப் பார்த்துத் திட்டம் போடக் கூடாது; இந்த நோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நோட்டு 10:30 என்று காட்டினால், முதல் நாள் 10:00-க்கு எழுப்பி உடனே வெளியே கொண்டுவர வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் திறந்த வானத்தின் கீழ் இருந்தால் போதும். கடலூர் மாவட்டத்து மே மாதப் பத்து மணி வெயிலில் நிற்க வேண்டியதில்லை, நிற்கவும் கூடாது. முந்திரி மரத்து நிழலிலோ வாசல் கொட்டகையிலோ உட்கார்ந்தால்கூட அங்கே பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வீட்டுக்குள் டியூப்லைட் தருவது பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். ஜன்னலோரத்தில் உட்கார்வதும் வெளியே இருப்பதும் ஒன்றல்ல. சூரியனை நேராகப் பார்க்க வேண்டிய தேவை சிறிதும் இல்லை.

இரண்டு நாளுக்கு ஒருமுறை எழும் நேரத்தை அரை மணி முன்னுக்கு நகர்த்த வேண்டும்: 10:00, 9:30, 9:00 என்று. கடிகாரம் நகர நகரத் தாழ்நிலையும் கூடவே நகர்வதால், வெளிச்சம் எப்போதும் அதற்குப் பின்னேயே விழும். எட்டுப் படிகள், பதினாறு நாள். அத்துடன் 6:30-க்கு வந்துவிடலாம். அந்த மாதத்தில் இந்தப் பக்கம் சூரியன் ஆறு மணிக்கு முன்பே உதித்துவிடுவதால் கடைசிப் படியிலும் வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது. படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்தாமல் எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், தூக்கம் ஓரிரு நாள் பின்தங்கியாவது அதைத் தொடர்ந்து வரும்.

கடிகாரம் உண்மையிலேயே நகர்கிறதா என்பது இரவில் தெரியும். முன்னைவிட அரை மணி முன்பே கொட்டாவி வந்து கண் சொக்கினால் நகர்கிறது என்று பொருள். படுத்து அரை மணிக்கு மேலாகியும் தூக்கம் வராத நிலை இரண்டு இரவு தொடர்ந்தால், அடுத்த படிக்குப் போகாமல் அதே படியில் இரண்டு மூன்று நாள் நிற்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் மூன்று மணி நேரம் தாண்டினால் வெளிச்சம் தாழ்நிலையின் தவறான பக்கம் விழுந்துவிடும். பலர் தோற்பது இங்கேதான்.

மாலைப் பொழுதையும் மாற்றாமல் காலை வெளிச்சம் மட்டும் வேலைசெய்யாது. படுக்க விரும்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே பெரிய விளக்கை அணைத்துவிட்டு, தாழ்வாக வைத்த ஒரு மஞ்சள் விளக்கில் இருக்க வேண்டும். போனைக் கையில் வைத்திருப்பதில் இரட்டைச் சேதம்: கண்ணருகே வெளிச்சம், அதோடு விடமுடியாத விழிப்பு. நெய்வேலி சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து அப்பா பத்து மணிக்கு மேல் வரும்போதுதான் வீடு மொத்தமும் விளக்கெரிய, டிவி ஓட, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அந்தச் சாப்பாட்டை விட்டுவிடு என்று எந்தக் குடும்பத்திடமும் சொல்ல மாட்டேன். பிள்ளை முன்பே சாப்பிட்டுவிட்டு, கூடத்து டியூப்லைட்டுக்குப் பதில் சமையலறையிலிருந்து வரும் மங்கிய வெளிச்சத்தில் அப்பாவோடு கால் மணி நேரம் பேசிவிட்டுப் படுக்கப் போகலாம்.

பள்ளி நடக்கும்போது

ஜூன் தொடங்கிவிட்டால் பத்து மணிக்கு எழும் வசதி இல்லை. அப்போது முழுத் திருத்தம் கடினம். ஆனாலும் ஒன்றரை மணி நேரம் வரை மீட்கலாம். தாழ்நிலை 7:45 என்றால், ஏழு மணி வெயிலைத் தவிர்ப்பதே முதல் வேலை. தொப்பி போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வெயில் படாத பக்கம் உட்காரலாம். எட்டு மணிக்கு மேல் கிடைக்கும் வெளிச்சத்தை விடக் கூடாது. வகுப்புக்கு முன் மைதானத்தில் நடக்கும் இறைவணக்கக் கூட்டமும் காலை இடைவேளையும் இவனுக்கு மருந்து. ஒரு வாரத்துக்குப் பிறகு, தூக்கம் முன்னே வந்தால், தொப்பியைக் கழற்றிவிட்டுச் சற்று முன்பே வெளிச்சத்தைப் பெறலாம்.

பள்ளிவிட்டு வந்து ஐந்து முதல் ஏழு வரை அடித்துப்போட்டதுபோல் தூங்குவதுதான் பள்ளி நாட்களின் பெரிய முட்டுக்கட்டை. நாள் முழுக்கச் சேர்ந்த தூக்க அழுத்தம் அங்கே கரைந்துவிடுகிறது. பதின்பருவத்தில் அந்த அழுத்தம் சேர்வதே மெதுவாகத்தான். முடியவே இல்லையென்றால் நான்கரைக்கு அலாரம் வைத்து இருபது நிமிடம் கண் மூடலாம், அதற்கு மேல் வேண்டாம். மாலைக் காபி, டீயையும் நான்கு மணியோடு நிறுத்த வேண்டும். காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் அளவு ஆகும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி நாளைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். பதினொரு மணி வரை தூங்கினால் அன்றிரவே மறுபடி இரண்டு மணி ஆகிவிடும்.

காலையில் செய்யும் வேலைகளை இரவுக்கு மாற்றினால் கிடைக்கும் இருபது முப்பது நிமிடம் முழுவதும் தூக்கமாகும். குளியல், புத்தகப் பை, சீருடை தேய்ப்பது எல்லாம் முந்தைய மாலையே முடியலாம். காலை ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு வைக்கும் பள்ளிகளிடம், நோட்டையும் மருத்துவர் கடிதத்தையும் காட்டி, ஒரு மாதம் அதை மாலைக்கு மாற்றித் தரக் கேட்கலாம். பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத்தான் தொடங்குகிறது. விடியற்காலையில் எழுந்து படிப்பதைத் தேர்வுக்கான பயிற்சி என்று சொல்ல முடியாது. வேறு நாடுகளில் பள்ளி நேரத்தையே மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகர உயர்நிலைப் பள்ளிகள் 2016-இல் தொடக்க நேரத்தை 7:50-இலிருந்து 8:45-க்குத் தள்ளியபோது மாணவர் தூக்கம் சுமார் அரை மணி நேரம் கூடியது. கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளி 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்பது சட்டம்.

மருத்துவரிடம் எப்போது

மெலடோனினை மருந்துக்கடையில் வாங்கிப் படுக்கும்போது விழுங்குவது பெரும்பாலும் வீண். கடிகாரத்தை நகர்த்தும் அளவு மிகச் சிறியது. தூக்கம் வரும் நேரத்துக்குப் பல மணி நேரம் முன்பே எடுக்க வேண்டியது. இதை மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. விடுமுறையிலும் தூக்கம் சரியில்லை, குறட்டை உண்டு, இரவில் கால் குடைச்சல், எதிலும் பிடிப்பில்லை என்றால் அது வெறும் கடிகாரச் சிக்கல் ஆகாது. இரத்தசோகை, மூச்சுத்தடை, மனச்சோர்வு ஆகியவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். மனச்சோர்வும் கவனக்குறைபாடும் தாமதத் தூக்கத்தோடு சேர்ந்தே வருவது மிக அதிகம்.

திருத்திய கடிகாரம் திருத்திய இடத்தில் நிற்பதில்லை. தீபாவளி, பொங்கல் விடுமுறையில் நான்கைந்து இரவு கண் விழித்தால் பழைய இடத்துக்கு நழுவும். அப்போது எட்டுப் படியும் மறுபடி ஏற வேண்டாம். விடுமுறையின் கடைசி மூன்று நாள் எழும் நேரத்தை அரையரை மணியாகக் குறைத்து, எழுந்ததும் வெளியே போனால், நழுவல் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே மீண்டுவிடலாம்.