0.06 ஓம்: ஒரு ஸ்ட்ரெயின் கேஜின் கதை

1938-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆர்தர் ரூஜ் என்ற பேராசிரியர், நிலநடுக்கம் வந்தால் உயரமான தண்ணீர்த் தொட்டி என்ன ஆகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் இருந்தது மெல்லிய சுவர் கொண்ட மாதிரித் தொட்டி. அதைக் குலுக்கும்போது சுவர் எவ்வளவு நீள்கிறது என்று தெரிய வேண்டும். கனமான கருவியைச் சுவரில் பொருத்தினால் தொட்டியின் ஆட்டமே மாறிவிடும். ஆகவே மயிரிழைக் கம்பி ஒன்றை டிஷ்யூ தாளில் ஒட்டி, அந்தத் தாளைத் தொட்டியில் ஒட்டினார். சுவரோடு சேர்ந்து கம்பியும் நீண்டது. நீண்ட கம்பி மெலிந்தது, அதன் மின்தடை கூடியது. இழுத்தால் மின்தடை மாறும் என்பதை கெல்வின் 1856-லேயே கண்டிருந்தார். முழு நீளத்துக்கும் ஒட்டிவிடுவது என்பதுதான் புது யோசனை. அதே 1938-இல் கால்டெக்கில் எட்வர்ட் சிம்மன்ஸும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இன்று கல்லூரி ஆய்வகத்துக்கு வரும் கேஜில் கம்பி கிடையாது. கான்ஸ்டன்டன் என்னும் செம்பு-நிக்கல் கலவையின் தகடு, மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனில், முன்னும் பின்னுமாக மடிந்து ஓடும் கோடுகளாக அரித்தெடுக்கப்பட்டு, பிளாஸ்டிக் படலத்தின்மேல் இருக்கும். மொத்தமும் விரல் நகத்தில் பாதி. உறையில் இரண்டு எண்கள் இருக்கும்: மின்தடை 120 ஓம், கேஜ் காரணி 2.1. பொருள் எத்தனை பங்கு நீள்கிறதோ, அதைப் போல் 2.1 மடங்கு பங்கு மின்தடை மாறும் என்று பொருள்.

நம் கேஜ் போகப்போகும் இடம் ஓர் அலுமினியச் சட்டம். அகலம் 25 மி.மீ., தடிமன் 6 மி.மீ. ஒரு முனையை இறுகப் பிடித்திருக்கிறார்கள், மறுமுனையில் எடை தொங்கும். கேஜின் நடுவிலிருந்து எடை தொங்கும் புள்ளிக்கு 250 மி.மீ. ஒரு கிலோ தொங்கவிட்டால் அங்கே மேற்பரப்பில் வரும் தகைவு 16.35 மெகாபாஸ்கல். அலுமினியத்தின் யங் குணகம் 70 கிகாபாஸ்கல் என்பதால் திரிபு 234 மைக்ரோ, அதாவது ஒரு மீட்டருக்கு கால் மில்லிமீட்டர்கூட இல்லை. இதற்குக் கேஜின் 120 ஓமில் ஏற்படும் மாற்றம் சுமார் 0.06 ஓம். இந்த 0.06-க்குள் வேறெதுவும் கலந்துவிடாமல் காப்பதற்குத்தான் இனி வரும் வேலை எல்லாம்.

முதலில் ஒட்டுதல். சட்டத்தை அசிட்டோனால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்க வேண்டும். பிறகு உப்புத்தாளால் தேய்த்து, கேஜ் உட்காரும் இடத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பென்சில் கோடு இழுத்து, மறுபடி துடைக்க வேண்டும். பஞ்சை ஒரே திசையில் இழுக்க வேண்டும், திருப்பித் தேய்த்தால் எடுத்த அழுக்கு திரும்ப வந்துவிடும். கேஜை விரலால் தொடக் கூடாது. சுத்தமான கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே செலோடேப் ஒட்டி, டேப்போடு தூக்கிக் கோட்டுக்கு நேராக வைப்பார்கள். டேப்பின் ஒரு பக்கத்தைப் பாதி மடக்கி, அடியில் சயனோஅக்ரிலேட் பசை ஒரே ஒரு சொட்டு விட்டு, மூடி, கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்துவார்கள். விரலின் சூடும் பசை இறுகத் துணை செய்கிறது. இதற்குப் பிறகு கேஜை உரித்து வேறிடத்தில் ஒட்ட முடியாது.

ஒட்டியது சரியா என்று அறிய எளிய வழி உண்டு. மீட்டரை இணைத்து வைத்துக்கொண்டு பென்சில் ரப்பரால் கேஜை மெல்ல அழுத்தி விட வேண்டும். எடுத்தபின் எண் பழைய இடத்துக்கு வராவிட்டால் அடியில் காற்றுக்குமிழி இருக்கிறது. கேஜுக்கும் சட்டத்துக்கும் இடையே மின்காப்பையும் பார்க்க வேண்டும். ஈரமோ சால்டரிங் ஃபிளக்ஸோ மிச்சமிருந்தால் மின்னோட்டம் கசியும், பூஜ்யம் ஓரிடத்தில் நிற்காது. ஆயிரம் மெகா ஓமுக்குக் குறைந்தால் மறுபடி துடைப்பதே நல்லது.

அடுத்தது வயர். 0.06 ஓம் மாற்றத்தை மல்டிமீட்டரை வைத்து நேரடியாக அளப்பது, 120 என்ற பெரிய எண்ணின் கடைசி இலக்கங்களில் தேடுவதாகும். வீட்ஸ்டோன் பிரிட்ஜ் அந்த 120-ஐக் கழித்துவிட்டு மாற்றத்தை மட்டும் நீட்டும். நான்கு கைகளும் சமமாக இருந்தால் நடுவில் மின்னழுத்தம் இல்லை. ஒரு கையில் கேஜ் இருந்தால்:

`V = 5 × 2.1 × 0.000234 ÷ 4`

5 வோல்ட் கொடுத்ததற்குக் கிடைப்பது 0.61 மில்லிவோல்ட். பெருக்கி வைத்துப் படிக்க அது போதும்.

ஆனால் பிரிட்ஜுக்கு எது திரிபு, எது வெப்பம் என்று தெரியாது. கேஜிலிருந்து கருவிவரை ஓடும் இரண்டு மெல்லிய செம்பு வயர்களுக்கும் சேர்த்து 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அறை 10 டிகிரி சூடானால் செம்பின் தடை 0.04 ஓம் போலக் கூடும். எடையே வைக்காமல் திரை 156 மைக்ரோ திரிபைக் காட்டும். நாம் தேடுவதே 234. மூன்றாவது வயர் ஒன்றைச் சேர்த்தால் இரண்டு வயர்களின் தடையும் பிரிட்ஜின் அடுத்தடுத்த கைகளுக்குப் பிரிந்துபோய், ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

இந்தத் தந்திரத்தையே இன்னும் நீட்டலாம். சட்டத்தின் அடியில், மேலிருப்பதற்கு நேர் கீழே, இரண்டாவது கேஜை ஒட்டி அடுத்த கையில் இணைக்கிறார்கள். எடை தொங்கும்போது மேல் கேஜ் நீள, கீழ் கேஜ் அதே அளவு சுருங்குகிறது. பிரிட்ஜ் இரண்டின் வித்தியாசத்தை எடுப்பதால் வெளியீடு 1.23 மில்லிவோல்ட்டாக இரட்டிக்கிறது. வெப்பமோ இரண்டையும் ஒரே பக்கம் தள்ளுவதால் வித்தியாசத்தில் தெரியாமல் போகிறது.

எடை வைக்கும் முன் ஒரு சோதனை பாக்கி. ஒரு கேஜுக்கு இணையாக 57 கிலோ ஓம் தடையை வைத்தால் அதன் 120 ஓம் கால் ஓம் போலக் குறையும். அந்த ஒரு கேஜ் 1000 மைக்ரோ சுருங்கியதற்கு அது சமம். திரை இரண்டு கேஜ்களின் சராசரியைக் காட்டுவதால், அதில் பாதி வந்தால் பெருக்கியும் வயரிங்கும் சரி. பசை சரியா என்பதை இது சொல்லாது.

இனி ஒரு கிலோவைத் தொங்கவிடலாம். திரையில் 234-க்குப் பதிலாக 238 வந்தால் உடனே கருவியைக் குறை சொல்ல வேண்டாம். படலமும் பசையும் சேர்ந்து கேஜின் கோடுகளைச் சட்டத்தின் பரப்புக்கு மேலே சுமார் 0.05 மி.மீ. தூக்கி வைத்திருக்கின்றன. வளையும் சட்டத்தில் நடுவிலிருந்து விலக விலகத் திரிபு கூடும். நடுவிலிருந்து 3 மி.மீ.யில் கேட்டதற்கு 3.05-இல் பதில் வந்திருக்கிறது, அது 1.7 சதவீதம் அதிகம். எடையை எடுத்தபின் எண் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். திரும்பாமல் ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளி நின்றால் பசை வழுக்குகிறது, அல்லது சட்டம் பிடிமானத்தில் நகர்கிறது.

சோதனை முடிந்ததும் பெரும்பாலான கேஜ்களுக்குச் சுரண்டுகத்தியோடு வாழ்க்கை முடிகிறது. சிலவற்றுக்கு மட்டும் வேறு வேலை கிடைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கேஜ்களால் நான்கு கைகளையும் நிரப்பி, தெரிந்த எடைகளை வைத்து வெளியீட்டைக் குறித்துக்கொண்டால், தெரியாத எடையை அந்தச் சட்டமே சொல்லிவிடும். மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசின் தட்டுக்கு அடியில் இருப்பது நடுவில் துளையிட்ட இதே போன்ற அலுமினியச் சட்டம்தான். நமக்குத் துவரம்பருப்பை நிறுத்துக் கொடுப்பது, ஒட்டிய இடத்தை விட்டு நகராத நான்கு கேஜ்கள்.