ஏலக்காய் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை வேண்டுமா? 'அருமை சார்' கமென்ட் ஏன் உதவாது?

உடும்பஞ்சோலையில் இருந்து ஏலக்காய் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை தேடுகிறீர்கள். அதன் கொள்முதல் தலைவர் லிங்க்ட்இன்னில் 'ஏலக்காய் விலை உச்சம்' என்று பதிவு போடுகிறார். 'அருமை சார்' என்று எழுதினால் நூற்றில் ஒன்றாகிப் போகும். என்ன எழுதலாம்?

முதலில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் இணையதளத்தைப் பாருங்க. புத்தடி, போடிநாயக்கனூர் மின்னணு ஏலங்களில் வந்த சரக்கு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை எல்லாம் அங்கே இருக்கும். உச்ச விலை பெரும்பாலும் பருமனான, பச்சை குறையாத காய் உள்ள சில லாட்டுகளுக்குத்தான். சந்தையின் போக்கைச் சொல்வது சராசரி. ஒரு நாளை மட்டும் பார்த்தால் தப்பாகலாம். ஒரு வாரத்தைப் பாருங்க.

சராசரி நகரவில்லை என்றால் இப்படி எழுதலாம்: "சார், உச்ச விலை ஏறியும் இந்த வாரச் சராசரி அப்படியே இருக்கிறது. 8 மி.மீ. காய்க்கு மட்டும் தேவை கூடியிருக்கிறதா?" ஒரு தரவு, ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

கமென்ட்டில் உங்கள் பெயருக்குக் கீழே ஹெட்லைனும் தெரியும். 'வேலை தேடுகிறேன்' என்பதைவிட 'ஏலக்காய் தரப்பிரிப்பு, விலைத் தரவு' என்பது அந்தக் கேள்விக்குப் பொருந்தும். அவர் பதில் சொன்னால், அதைக் குறிப்பிட்டு கனெக்‌ஷன் கேளுங்க. கமென்ட்டிலேயே பயோடேட்டாவைப் போடாதீங்க.

அந்த நிறுவனத்தினர் உங்கள் புரொஃபைலைப் பார்க்கத் தொடங்கினால் கமென்ட் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் இது அறிமுகம் மட்டுமே. காலியிடம் வரும்போது விண்ணப்பிக்கத்தான் வேண்டும்.