இறுதிக் கொத்தும் மதிப்பீட்டின் வழுவும்

ஒரு நாட்டின் குடும்பங்கள் அனைத்தையும் ஆராயாது, சிலவற்றை மட்டும் ஆராய்ந்து முழுத்தொகையை மதிப்பிடுதல் மாதிரியெடுப்பு எனப்படும். மதிப்பீட்டைப் பெறுதல் எளிது. அது எவ்வளவு பிழைபடக்கூடும் என்று சொல்லுதலே அரிது. பல படிகளில் மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது இவ்வருமை மிகுகின்றது. முதலிற் சில தொகைமதிப்புத் தொகுதிகளைத் தெரிந்து, பின்னர் ஒவ்வொன்றினுள்ளும் சில வீடுகளைத் தெரிகின்றோம். ஒவ்வொரு படியும் தன் பங்குக்கு வழுவைச் சேர்க்கின்றது. அவற்றைத் தனித்தனியே அளந்து கூட்டும் சூத்திரங்கள் நீண்டு சிக்கலாகும்.

இச்சிக்கலை அவிழ்க்கும் கருத்துக்கு ஒரு வேர் நம் அயலிலேயே உண்டு. 1937 முதல் வங்காளத்துச் சணற்பயிரை அளவிட்ட மகலனோபிஸ், மாதிரியை ஒன்றையொன்று சாராத சில துணைமாதிரிகளாகப் பிரித்து, வெவ்வேறு குழுவினரிடம் ஒப்படைத்தார். துணைமாதிரிகளின் விடைகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அவ்வேறுபாடே வழுவின் அளவாயிற்று. அமெரிக்கத் தொகைமதிப்புப் பணியகத்தைச் சேர்ந்த ஹான்சனும் ஹர்விட்சும் 1943இல் பருமனுக்கு விகிதமான நிகழ்தகவுடன் தொகுதிகளைத் தெரியும் கொள்கையை வகுத்தனர். மேடோவும் அவர்களுடன் சேர்ந்து 1953இல் வெளியிட்ட நூலில், ஒரு முதற்படித் தொகுதியிலிருந்து மாதிரியில் இடம்பெற்ற வீடுகள் அனைத்தையும் ஒருங்கே ‘இறுதிக் கொத்து’ என்றனர்.

அதன் தத்துவம் இது. ஒவ்வொரு தொகுதியும் தனித்தே முழு மாவட்டத்துக்கும் ஒரு மதிப்பீட்டைத் தரவல்லது. உள்ளே எத்தனை படிகள் இருப்பினும், அவற்றின் தடுமாற்றமெல்லாம் அம்மதிப்பீட்டினுள் முன்னரே புகுந்துவிடுகின்றது. ஆகவே தொகுதி மதிப்பீடுகளிடையே உள்ள வேறுபாட்டை அளந்தாற் போதும். உட்படிகளின் வழுவைத் தனியே சேர்ப்பது அதனை இருமுறை எண்ணுவதாகும்.

திருகோணமலை மாவட்டத்தை மனத்திற் கொண்டு, எடுத்துக்காட்டுக்காகவே புனைந்த ஒரு கணக்கைப் பார்ப்போம். 10,000 குடும்பங்கள் உள்ள ஒரு பகுதியில், மீன்பிடித்தலை நம்பிய குடும்பங்கள் எத்தனை என்று அறிய வேண்டும். பருமனுக்கு விகிதமாக 5 தொகுதிகளையும், ஒவ்வொன்றிலும் 10 குடும்பங்களையும் தெரிகின்றோம். மீனவக் குடும்பங்கள் முறையே 0, 1, 2, 6, 1 எனக் கிடைக்கின்றன. ஆறு கிடைத்தது கரையை ஒட்டிய தொகுதி. ஒன்றும் கிடைக்காதது உள்நாட்டு வயற்பகுதி. தொகுதி மதிப்பீடுகள் 0, 1,000, 2,000, 6,000, 1,000, சராசரி 2,000.

சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டின் 2 கோடியே 20 இலட்சம். அதனை 5 × 4 ஆகிய 20ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், நியம வழு ஏறத்தாழ 1,049. ஐம்பது குடும்பங்களும் மாவட்டமெங்கும் சிதறித் தெரியப்பட்டவை போலக் கொண்டு கணித்தாலோ 571 மட்டுமே வரும். அயல்வீடுகள் ஒரே தொழிலைச் செய்வதால், ஐம்பது விடைகள் ஐம்பது செய்திகளாவதில்லை. இதனை மறந்தவர் தம் மதிப்பீட்டை இருமடங்கு நம்பகமானதென்று மயங்குவர்.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. வழுவை அளக்க நமக்குக் கிடைத்தவை ஐந்து எண்களே; சுயாதீன அளவு நான்கு. அதற்குரிய பெருக்கம் 2.776, எனவே 95 சதவீத எல்லை 2,000க்கு இருபுறமும் ஏறத்தாழ 2,912 ஆகிச் சுழியத்துக்குக் கீழும் இறங்கும். இதன் பொருள், தொகுதிகள் போதா என்பதே. தொகுதிக்குள் வீடுகளைப் பெருக்குவதினும் தொகுதிகளைப் பெருக்குவதே இங்கு மிகுந்த பயன் தரும். தொகுதிகளை மீண்டும் தெரியாது எடுத்தால் இம்முறை வழுவைச் சற்றே கூட்டிக் காட்டும். மொத்தத் தொகுதிகளிற் சிறுபகுதியே எடுக்கப்படும்போது அக்குறை பொருட்படுத்தத்தக்கதன்று. ஒரு படையில் ஒரே தொகுதி இருந்தாலோ வேறுபாட்டை அளக்க வழியேயில்லை. அப்போது ஒத்த படைகளை இணைத்துக் கணிப்பர்.

மற்றொரு பிழை மாணவர் விழிப்புடன் நோக்கத்தக்கது. மீனவக் குடும்பங்களின் தாள்களை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிடின், சுழியம் பெற்ற தொகுதி மறைந்துவிடும். நான்கு தொகுதிகளின் சராசரி 2,500 ஆகிவிடும். எடுத்த தொகுதிகளின் எண்ணிக்கையும் கணக்கில் வந்த எண்ணிக்கையும் ஒத்தனவா என்று பார்த்தால் இப்பிழை வெளிப்படும். சுழியமும் ஒரு விடையே.

இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் குடும்ப வருமான செலவு ஆய்வும் தொகுதி, வீடு என்னும் இரு படிகளையே கொண்டது. 1987இல் நடந்த மக்கள்தொகை, உடல்நல ஆய்வில் போர்ச்சூழலால் வடக்கு கிழக்குப் பகுதிகள் விலக்கப்பட்டன. தெரிவுப் பட்டியலிலேயே இல்லாத தொகுதிகளின் வேறுபாட்டை இறுதிக் கொத்து முறை அளக்கவியலாது. அவ்வாய்வின் நியம வழுக்கள், அது சென்ற நிலத்துக்கு மட்டுமே உரியவை. நம் துறைமுகத்து மக்களைப்பற்றி அவை ஒன்றும் கூறா. எனவே எந்த ஆய்வறிக்கையிலும் வழுவின் அட்டவணையைப் பார்க்குமுன், எந்தத் தொகுதிகளிலிருந்து தெரிந்தனர் என்னும் பக்கத்தைப் படித்தல் வேண்டும்.