சுருங்காத தசை

விஞ்ஞான நூல்களைத் தமிழாக்கும் வேளையில் சில சொற்கள் நம்மைக் கேளாமலே பேனா முனையில் வந்து நின்றுவிடுகின்றன. தசை என்று எழுதினால் அடுத்து வருவது 'சுருங்குகிறது' என்பதே. துணி நனைந்து சுருங்குகிறது. தோல் மூப்பினால் சுருங்குகிறது. தசையும் அவ்வாறே சுருங்குகிறது என்று நாம் பல முறை எழுதியிருக்கிறோம். ஆங்கிலச் சொல்லும் இதே பொருளையே தருவது. ஆயினும், தசையினுள் இருக்கும் இழைகளுள் எதுவுமே சுருங்குவதில்லை என்று 1954-ம் ஆண்டில் இரு குழுவினர் ஒரே நாளில் உலகுக்கு அறிவித்தனர். ஒரு சொல்லின் பொருளையே மறுத்த அந்த ஆராய்ச்சியின் வரலாற்றைத்தான் இங்கே கூற எண்ணுகிறோம்.

எலும்போடு இணைந்த தசையின் ஒரு நாரை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், அதன் குறுக்கே கருமையும் வெண்மையுமாகப் பட்டைகள் மாறி மாறித் தோன்றும். ஒவ்வொரு வெண்பட்டையின் நடுவிலும் மெல்லிய கோடு ஒன்று ஓடும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரையுள்ள பகுதியை ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறக்குறைய இரண்டரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை நானூறு கூறாக்கினால் வரும் ஒரு கூறு. நாரின் நீளம் முழுவதும் இத்தகைய அறைகளே ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஓர் அறை குறுகும் விதத்தை அறிந்தால் தசை முழுவதும் குறுகும் விதத்தை அறிந்தவராவோம்.

1869-ம் ஆண்டிலேயே க்ரௌசே என்ற ஜெர்மானியர், தசை குறுகும்பொழுது கரும்பட்டையின் அகலம் மாறுவதில்லை, வெண்பட்டை மட்டுமே குறைகிறது என்று கண்டு எழுதினார். அதை அன்றே பற்றிக்கொண்டிருந்தால் விடை அதிலேயே இருந்தது. ஆனால் பின்வந்தோர் பலர் பலவாறாகக் கண்டனர். பட்டைகளின் அளவோ, ஒளியைக் கொண்டு காணக்கூடிய எல்லையை ஒட்டியது. மைக்ராஸ்கோப்பைச் சற்றே ஏற்றி இறக்கினாலும் கருமை வெண்மையாகவும் வெண்மை கருமையாகவும் மாறித் தோன்றும். அக்குழப்பத்தில் க்ரௌசேயின் கூற்று மறக்கப்பட்டது. பின்னர், கம்பளி மயிரின் புரதச் சங்கிலிகள் மடிந்தும் நீண்டும் கொடுப்பதுபோலத் தசைப் புரதமும் மடிந்து குறுகுகிறது என்ற கருத்து வேரூன்றியது. சுருங்குதல் என்ற சொல்லுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

இதற்கிடையே ரசாயன அறிஞர்கள் வேறொரு வழியில் தசையை அணுகினர். 1929-ம் ஆண்டில் ஜெர்மனியில் லோமானும், அமெரிக்காவில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் முழுப்பெயர் அடினோசின் ட்ரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. அந்தச் சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதை இவ்விடத்தில் சொல்லிச் செல்வது தகும். உயிரணுக்களில் வேலைக்குரிய சக்தி கைமாறும் நாணயம் இந்த ஏ.டி.பி.யே. மயோசின் என்ற தசைப் புரதம் இந்நாணயத்தைத் தானே உடைத்துச் செலவிடுகிறது என்று 1939-ல் சோவியத் நாட்டில் எங்கல்ஹார்ட்டும் அவர் மனைவி லியுபிமோவாவும் காட்டினர். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில் சென்ட்-ஜார்ஜியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்ட்ரௌப் என்ற இளைஞர் ஆக்டின் என்ற இரண்டாவது புரதத்தைக் கண்டறிந்தார். மயோசினும் ஆக்டினும் கலந்து செய்த நூலின்மீது ஏ.டி.பி. பட்டதும் அந்நூல் கண்முன்னே குறுகிற்று. உயிரற்ற நூல் தானே அசைந்ததைக் கண்டவர்கள் வியந்ததில் வியப்பில்லை. ஆனால் அது எவ்வாறு குறுகிற்று என்பதை அந்நூல் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர்களுள் இருவர் ஹக்ஸ்லி என்ற பெயர் உடையவர்கள், உறவினர் அல்லர். ஹியூ ஹக்ஸ்லி, போர்க்காலத்தில் ராடார்க் கருவிகளில் பணியாற்றிப் பின்னர் கேம்பிரிட்ஜில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு தசையை ஆராய்ந்தவர். தசையில் இருவகை இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். 1953-ல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லண்டனிலிருந்து வந்த ஜீன் ஹான்ஸன் அம்மையாரைச் சந்தித்தார். அம்மையார் தசையின் மிக நுண்ணிய நார்களைத் தனித்தனியே பிரித்து மைக்ராஸ்கோப்பில் காண்பதில் கைதேர்ந்தவர்.

இருவரும் செய்த சோதனை எளிதானது. முயலின் தசையைக் கிளிசரினில் ஊறவைத்துப் பிரித்த நுண்நார்களின்மீது, மயோசினைக் கரைத்தெடுக்கவல்ல உப்புக் கரைசலைச் செலுத்தினர். உடனே கரும்பட்டைகள் மறைந்தன. ஆனால் நார் அறுந்து விழவில்லை. கோடுகளிலிருந்து கிளம்பும் மெல்லிய இழைகள் எஞ்சி நின்றன. எனவே மயோசின் கரும்பட்டையில் தடித்த இழைகளாக இருக்கிறது. ஆக்டின் கோட்டில் தொடங்கி, வெண்பட்டையைக் கடந்து, கரும்பட்டைக்குள்ளும் மெல்லிய இழைகளாக நுழைந்து நிற்கிறது. அடுத்து, நல்ல நார்களுக்குச் சிறிது சிறிதாக ஏ.டி.பி. கொடுத்துக் குறுகச் செய்து அளந்தனர். கரும்பட்டையின் நீளம் மாறவே இல்லை. அதன் நடுவில் மெல்லிய இழைகள் எட்டாத வெளிறிய இடம் ஒன்று உண்டு. அதுவும் வெண்பட்டையும் மட்டுமே ஒருசேரக் குறைந்து வந்தன.

இதை மனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு தீப்பெட்டி போதும். அதன் மேலுறை கரும்பட்டை. ஒரு பக்கத்திலிருந்து ஓர் உட்பெட்டியும் மறுபக்கத்திலிருந்து மற்றோர் உட்பெட்டியும் பாதியளவு நுழைந்து நிற்கின்றன என்று எண்ணுவோம். இரண்டையும் உள்ளே தள்ளினால் மொத்த நீளம் குறைகிறது. உறையும் குறையவில்லை, உட்பெட்டிகளும் குறையவில்லை. ஒன்றனுள் ஒன்று வழுக்கிச் சென்றது, அவ்வளவே.

மற்றொரு ஹக்ஸ்லியான ஆண்ட்ரூ, நரம்பில் செய்தி பாயும் விதத்தைக் கண்டறிந்தவர். பின்னர் 1963-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அவரும் நீடர்கெர்கே என்ற துணைவரும் தவளையின் உயிருள்ள முழு நாரையே எடுத்துக்கொண்டனர். தடித்த நாரில் பழைய மைக்ராஸ்கோப் ஏமாற்றும் என்பதால், அதற்கென்றே புதிய வகைக் கருவி ஒன்றை ஆண்ட்ரூ தாமே அமைத்தார். கிளிசரினில் ஊறிய முயல் தசையில் மற்றவர்கள் கண்டதையே உயிருள்ள தவளை நாரில் இவர்கள் கண்டனர். 1954-ம் ஆண்டு மே 22-ந் தேதியிட்ட 'நேச்சர்' இதழில் இரு கட்டுரைகளும் அடுத்தடுத்து வெளியாயின. ஒரு சோதனையில் குறை காண்போர்க்கு மற்றொரு சோதனை விடையாக நின்றது.

ஆயினும் அறிஞர் உலகம் உடனே தலையசைத்துவிடவில்லை. இழைகள் வழுக்குகின்றன என்றால், அவற்றை இழுப்பது எது என்று கேட்டனர், நியாயமான கேள்விதான். 1957-ல் ஹியூ ஹக்ஸ்லி மிக மெல்லிய சீவல்களை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தபோது, தடித்த இழைகளிலிருந்து மெல்லிய இழைகளை நோக்கி நீண்ட சிறு முளைகள் தெரிந்தன. குறுக்குப் பாலங்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவை மயோசின் மூலக்கூற்றின் தலைகள்.

பாலங்கள்தாம் இழுக்கின்றன என்றால், எத்தனை பாலங்களுக்கு எதிரே ஆக்டின் இழை இருக்கிறதோ அத்தனைக்கே வலிமை இருக்கவேண்டும். இதைச் சோதிக்க ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கார்டனும் ஜூலியனும் தவளை நாரை வெவ்வேறு நீளத்தில் நிறுத்தித் தூண்டினர். முடிவை 1966-ல் வெளியிட்டனர். தடித்த இழையின் நீளம் 1.6 மைக்ரான், மெல்லிய இழை ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1 மைக்ரான். ஆகவே அறையை 3.65 மைக்ரான் வரை இழுத்து நீட்டினால் இருவகை இழைகளும் ஒன்றையொன்று தொடாமல் விலகிவிடும். அந்நீளத்தில் எவ்வளவு தூண்டியும் விசை பிறக்கவில்லை. 2.2 மைக்ரானில் எல்லாப் பாலங்களும் பயன்படும் நிலை; அங்கே விசை முழுமையாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில், 2.9 மைக்ரானை ஒட்டி, விசை சரிபாதி. 2 மைக்ரானுக்கும் கீழே எதிரெதிர் வரும் மெல்லிய இழைகள் நடுவில் முட்டிக்கொள்ளவே விசை மறுபடியும் குறைந்தது. புரதம் மடிந்து குறுகுவதாயின் இவ்வளவு துல்லியமான கணக்கு அமைய வழியில்லை. இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த சோதனை இதுவே. கொள்கை முன்கூட்டிச் சொன்ன எண்ணைத் தவளை ஒப்புக்கொண்டது!

இனி ஏ.டி.பி.யின் பங்கு. ஏ.டி.பி. உடைந்தவுடனே பாலம் இழுக்கிறது என்றே யாரும் நினைப்பர். 1971-ல் லிம், டெய்லர் என்ற இருவர் வகுத்த வரிசை வேறு. ஏ.டி.பி. வந்து மயோசின் தலையில் அமர்ந்ததும் முதலில் நிகழ்வது, தலை ஆக்டினை விட்டு விலகுவது. விலகிய பிறகே ஏ.டி.பி. உடைகிறது, அச்சக்தியால் தலை, வில்லை நாணேற்றினாற்போல, நிமிர்ந்து தயாராகிறது. உடைந்த துண்டுகளை இன்னும் விடாமலே, ஆக்டினில் சற்றுத் தள்ளிய இடத்தைப் பற்றுகிறது. பாஸ்பேட் துண்டு கழன்று வெளியேறும்பொழுது தலை சாய்கிறது. ஆக்டின் இழை அதனோடு இழுபடுகிறது. எஞ்சிய துண்டும் வெளியேறியபின் பாலம் இறுகப் பற்றியபடியே நிற்கும். அடுத்த ஏ.டி.பி. வந்தால்தான் அதற்கு விடுதலை. ஓய்விலுள்ள தசையில் ஆக்டினின் பற்றுமிடங்கள் வேறு புரதங்களால் மூடப்பட்டிருக்கும். நரம்பின் ஆணை வந்து, கால்சியம் பரவினால் அவை திறக்கும்.

ஒரு சாய்வில் இழை நகரும் தூரம் ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. கிணற்றில் கயிறு இழுப்பவர் ஒரு கை மாற்றி ஒரு கை இழுப்பதுபோல், பல தலைகள் வெவ்வேறு கணத்தில் பற்றியும் விட்டும் இழுப்பதால் இழை பின்னே நழுவுவதில்லை. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள நாரில் நாலாயிரம் அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் அரை மைக்ரான் குறைந்தாலும் நார் இரண்டு மில்லிமீட்டர் குறுகிவிடும்.

ஏ.டி.பி. பாலத்தை விடுவிக்கிறது என்பதற்குச் சான்று தேடி ஆராய்ச்சிக்கூடத்துக்குச் செல்லவேண்டியதில்லை. புதிதாக அறுத்த ஆட்டிறைச்சி முதலில் மிருதுவாக இருக்கும். சில மணி நேரத்தில் விறைத்துவிடும். பிணம் விறைப்பதும் இதுவே. உயிர் நீங்கியபின் தசையில் ஏ.டி.பி. தீர்ந்துபோகிறது, பற்றிய பாலங்களை விடுவிக்க ஆளில்லை, இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டபடியே நிற்கின்றன. ஓரிரு நாளில் அவ்விறைப்பு மறுபடியும் தளர்கிறது. ஆனால் அது பாலங்கள் விடுபட்டதால் அன்று; இழைகளைத் தாங்கி நிற்கும் புரதங்களே சிதையத் தொடங்கியதால்.